வரிக்கு ஒரு பிழை: திருத்திய பிறகு எப்படிச் சரிபார்ப்பது?

செங்காங் மல்லிகா (சனிக்கிழமை, இரவு 9.40)

வணக்கம். என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். துணைப்பாட வகுப்பில் தமிழுக்கு ஒரு பயிற்சித்தாள் கொடுத்திருக்கிறார்கள். எட்டு வரிகள் உள்ள ஒரு பத்தி. ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு பிழை உண்டு. ஒன்று, ஒரு சொல் தவறாக இருக்கும். அல்லது ஒரு சொல் விடுபட்டிருக்கும். தவறான சொல்லை வட்டமிட்டுச் சரியானதை எழுத வேண்டும். விடுபட்ட இடத்தில் கூரைபோல ஒரு குறி போட்டுச் சொல்லைச் சேர்க்க வேண்டும். பத்தி இதுதான்:

1. அடுத்த சனிக்கிழமை நானும் என் தம்பியும் ஊபின் தீவுக்குச்
2. சென்றேன். சாங்கிப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்த
3. பிறகுதான் படகு புறப்படும் படகோட்டி சொன்னார். அங்கே காத்திருந்த
4. மூதாட்டி ஒருவர் எங்களை வேர்க்கடலை கொடுத்தார். படகு கரையை
5. விட்டு விலகியதும் அலைகள் பெரிதாக எழுந்தது. இறங்கியதும் இரண்டு
6. மிதிவண்டிகளை எடுத்தோம். சாலையோர மரங்களில் குரங்குகள்
7. தாவிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்று
8. எழுதியிருந்த பலகையைத் தம்பி எனக்குக் காட்டுவான்.

எட்டுக்கு மூன்றுதான் வாங்கினாள். நான்கு, ஐந்து, எட்டாம் வரிகள் சரி. முதல் வரியில் பிழையே இல்லை என்று வெறுமையாக விட்டுவிட்டாள். இரண்டாம் வரியில் 'செல்வோம்' என்று எழுதினாள். மூன்றில் 'சொன்னார்' என்பதைச் 'சொன்னான்' ஆக்கினாள். ஆறில் 'சாலையோர' என்பதைச் 'சாலையோரம்' ஆக்கினாள். ஏழில் 'அவைகளுக்கு' என்று எழுதினாள், அதுவும் தவறாம்.

மதிப்பெண் போனதைவிட எனக்கு வேறு ஒரு கவலை. "மூன்று முறை படித்துப் பார்த்தேன் அம்மா, எல்லாம் சரியாகத்தான் இருந்தது" என்கிறாள். நானும் உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் வரியில் என்ன குறை என்று விடைத்தாளைப் பார்க்கும்வரை எனக்கும் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் படிப்பது பயன்படவில்லை என்றால், வேறு எப்படித்தான் சரிபார்ப்பது?

பிடோக் குமரன் (9.58)

அம்மா, உங்கள் மகள் ஒரு வரியை வெறுமையாக விட்டதில் தவறே இல்லை. நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன். சாதாரண நிலைத் தேர்வின் முதல் தாளில் இதே பகுதி பத்து மதிப்பெண்ணுக்கு வரும். மொத்தம் பன்னிரண்டு வரிகள். முதல் வரியும் கடைசி வரியும் சரியானவை. நடுவில் இரண்டு வரிகளில் பிழை இருக்காது, அங்கே சரிக்குறி போட வேண்டும். எட்டு வரிகளில் மட்டும்தான் பிழை. ஆகவே எல்லா வரியிலும் பிழை தேடினால் சரியான வரியையும் கெடுத்துவிடுவோம். முதல் வரியை எப்போதும் நம்பலாம் என்று சொல்லிக்கொடுங்கள்.

செங்காங் மல்லிகா (10.03)

நன்றி ஐயா. ஆனால் இது தமிழ்ப் பயிற்சி. எல்லா எட்டு வரியிலும் பிழை உண்டு என்று தாளின் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். ஒருவேளை ஆங்கிலப் பழக்கத்தில்தான் முதல் வரியை நம்பிவிட்டாளோ என்னவோ, நாளைக்குக் கேட்கிறேன்.

பிடோக் குமரன் (10.05)

அவசரத்தில் படித்துவிட்டேன், மன்னிக்கவும். பயிற்சித்தாளில் பிழை தேடச் சொல்லிக்கொடுக்கிறவன் கேள்வியையே சரியாகப் படிக்கவில்லை.

ஈசூன் தாத்தா (10.20)

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பத்தியைக் கடைசிச் சொல்லிலிருந்து தலைகீழாகப் படிக்க வேண்டும். 'காட்டுவான், எனக்குக், தம்பி, பலகையைத்' என்று ஒவ்வொரு சொல்லாக. அப்போது பொருள் கண்ணை இழுத்துக்கொண்டு போகாது, சொல் மட்டும் தெரியும். நான் வேலை பார்த்த காலத்தில் கடிதங்களைத் தட்டச்சு செய்துவிட்டு இப்படித்தான் பார்ப்பேன். ஒரு பிழை தப்பாது.

அச்சகத்து ஆள் (10.51)

தாத்தா சொல்வது பாதி சரி. எழுத்துப்பிழைக்கு அது நல்ல வழி. 'பலகை' என்பது 'பளகை' என்று வந்திருந்தால் தலைகீழாகப் படிக்கும்போது சட்டென்று கண்ணில் குத்தும். ஆனால் இந்தப் பத்தியில் எழுத்துப்பிழையே இல்லை. 'சென்றேன்' என்பதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றமற்ற சொல். அதன் குற்றம் மேல்வரியில் இருக்கும் 'நானும் என் தம்பியும்' என்பதோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும். விடுபட்ட சொல்லோ தலைகீழாகப் படித்தாலும் நேராகப் படித்தாலும் அங்கே இல்லவே இல்லை, எப்படிக் கண்ணில் படும்?

நான் பல ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன். மல்லிகா அம்மாவின் மகள் செய்த தவறு கவனக்குறைவு அல்ல. அவள் வரி வரியாகப் படித்திருக்கிறாள். தாள் வரிவரியாக எண் போட்டிருப்பதால் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் படிப்பார்கள். ஆனால் வரி என்பது தாளின் அகலம் முடியும் இடம், அவ்வளவுதான். வாக்கியம் அதைப் பற்றிக் கவலைப்படாது. பிழை ஒரு வரியில் இருக்கும், அது பிழை என்பதற்கான சாட்சி அடுத்த வரியில் இருக்கும்.

ஆகவே முதலில் வரி எண்களை மறந்துவிட்டு, முற்றுப்புள்ளிகளை மட்டும் பென்சிலால் அழுத்திக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசியில் இருக்கும் வினைமுற்றில் விரலை வைக்க வேண்டும். தமிழில் வாக்கியத்தின் பிடி அங்கேதான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்க் கேள்வி கேட்க வேண்டும்: யார்? எப்போது? எதை? யாருக்கு? அந்த வகையில் தாத்தாவின் தலைகீழ் வழி சரிதான். சொல் சொல்லாகப் போகாமல் கேள்வி கேள்வியாகப் போக வேண்டும்.

முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். வினை 'சென்றேன்'. யார் சென்றது? நானும் தம்பியும். இரண்டு பேர், ஆகவே 'ஏன்' விகுதி பொருந்தாது, 'ஓம்' வேண்டும். எப்போது? அடுத்த சனிக்கிழமை. ஆனால் வினை இறந்தகாலம். இங்கே இன்னொரு மோதல். ஒரே வாக்கியத்தில் இரண்டு மோதல்கள், அது இரண்டு வரிகளில் பரவியிருக்கிறது, வரிக்கு ஒன்று. கணக்குச் சரியாக வருகிறது.

உங்கள் மகள் 'செல்வோம்' என்று எழுதியது அறிவான தவறு. அவள் இரண்டு மோதலையும் பார்த்திருக்கிறாள், ஒரே சொல்லில் இரண்டையும் தீர்த்துவிட்டாள். அதனால்தான் முதல் வரியில் பிழை இல்லாமல் போயிற்று. வரிக்கு ஒரு பிழை என்று சொன்ன தாளில் ஒரு வரி வெறுமையாக நின்றால், அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை. பக்கத்து வரியில் நாம் எழுதிய விடை அந்த வரியின் பிழையை விழுங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். காலத்துக்குச் சாட்சி அடுத்த வாக்கியத்திலேயே இருக்கிறது. படகோட்டி சொன்னார், மூதாட்டி கொடுத்தார். எல்லாம் நடந்து முடிந்தவை. ஆகவே மாற வேண்டியது 'அடுத்த'. 'சென்ற' என்றோ 'கடந்த' என்றோ எழுதலாம்.

செங்காங் மல்லிகா (11.10)

இது புரிகிறது ஐயா. அவள் விட்டுச் சென்ற தடயம் அந்த வெற்று இடம்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மூன்றாம் வரியைச் சொல்லுங்கள். விடையில் 'என்று' விடுபட்டிருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். விடை தெரிந்த பிறகு பார்த்தால் பட்டப்பகல்போல் இருக்கிறது. தெரியாதபோது ஏன் தெரியவில்லை?

அச்சகத்து ஆள் (11.34)

அந்த வரியை அமைத்தவர் கெட்டிக்காரர். 'புறப்படும்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். 'படகு புறப்படும்' என்றால் அது வினைமுற்று, வாக்கியம் அங்கே முடிகிறது. 'புறப்படும் படகு' என்றால் அது பெயரெச்சம், பின்னால் வரும் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. 'என்று' இருக்கும்வரை அது முற்றாக நின்றது. 'என்று' போனதும் பின்னால் நிற்பது 'படகோட்டி' என்ற பெயர். உடனே 'புறப்படும்' அதைப் பிடித்துக்கொண்டது. 'புறப்படும் படகோட்டி சொன்னார்'. எங்கோ புறப்படுகிற ஒரு படகோட்டி ஏதோ சொன்னார் என்று மனம் தைத்துக்கொண்டு போய்விடுகிறது. கிழிசலின் மேல் ஒட்டுப்போட்டதுபோல. அதனால்தான் மூன்று முறை படித்தும் மூன்று முறையும் சரியாகவே இருந்தது.

வினையில் விரலை வைத்துக் கேளுங்கள். 'சொன்னார்'. யார்? படகோட்டி. என்ன சொன்னார்? பதில் இல்லை. மறுபடியும் பின்னால் போனால் 'படகு' என்ற சொல் தனியாக நிற்கிறது. படகு என்ன செய்தது? அதற்கும் வினை இல்லை, ஏனென்றால் அதன் வினையைப் படகோட்டி எடுத்துக்கொண்டுவிட்டார். வினையில்லாத எழுவாய் ஒன்று, செயப்படுபொருள் இல்லாத வினை ஒன்று. இரண்டும் ஒரே இடைவெளியைச் சுட்டுகின்றன. குறியை அங்கே போட வேண்டும்.

உங்கள் மகள் 'சொன்னார்' என்பதைச் 'சொன்னான்' ஆக்கியதற்கு என்ன சாட்சி காட்டுவாள் என்று கேட்டுப் பாருங்கள். படகோட்டியைச் 'சொன்னான்' என்றுதான் எழுத வேண்டும் என்று பத்தியில் எந்தச் சொல்லும் கட்டாயப்படுத்தவில்லை. நான் கற்றுக்கொடுக்கும் சரிபார்ப்பு இதுதான். விடை எழுதியவுடன், அந்த விடையைக் கட்டாயப்படுத்தும் சொல் பத்தியில் எது என்று தேடி அதன்கீழ் கோடு போட வேண்டும். கோடு போட ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் அது திருத்தம் அல்ல, விருப்பம். 'சாலையோரம்' என்று மாற்றியதும் அப்படித்தான். 'சாலையோர மரங்களில்' என்பதும் சரி, 'சாலையோரம் மரங்களில்' என்பது கொஞ்சம் தடுமாறும். எதுவும் அந்த மாற்றத்தைக் கேட்கவில்லை.

நீலா (தெம்பனிஸ்) (ஞாயிறு, காலை 7.15)

இந்த இழையைப் படித்ததும் என் பழைய காயம் நினைவுக்கு வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஒரு பொங்கல் விருந்துக்கு நான்தான் அழைப்பிதழ் எழுதினேன். 'இரவு 8 மணி வரை உணவு வழங்கப்படும்' என்று எழுத வேண்டியது, 'இரவு 8 மணிக்கு உணவு வழங்கப்படும்' என்று அச்சாகிவிட்டது. நான்கு பேர் படித்துப் பார்த்தோம். எட்டு மணிக்குச் சரியாக ஐம்பது அறுபது பேர் வந்து நின்றார்கள். சட்டியில் சர்க்கரைப்பொங்கல் ஒரு கரண்டி இருந்தது. சாட்சிச் சொல் முறை எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அச்சகத்து ஆள் (8.02)

தப்பித்திருக்க மாட்டீர்கள் அம்மா. மன்னிக்கவும், ஆனால் அதைச் சொல்லத்தான் வேண்டும். 'இரவு 8 மணிக்கு உணவு வழங்கப்படும்' என்பது இலக்கணப்படி குறையே இல்லாத வாக்கியம். அதற்கு எதிரான சாட்சி அழைப்பிதழுக்குள் இல்லை, நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அந்த மாதிரிப் பிழையை எத்தனை முறை படித்தாலும் பிடிக்க முடியாது. மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். அச்சகத்தில் எண்களையும் நேரங்களையும் அப்படித்தான் பார்ப்போம். பயிற்சித்தாளில் மூலம் கிடையாது. ஆகவே நேர்மையான பயிற்சித்தாள் என்றால் ஒவ்வொரு பிழைக்கும் சாட்சி அந்தப் பத்திக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நீலா (தெம்பனிஸ்) (8.10)

நான்கு பேரும் அழைப்பிதழை மட்டும்தான் பார்த்தோம். நிரலை யாரும் எடுக்கவில்லை, உண்மைதான்.

செங்காங் மல்லிகா (9.25)

ஐயா, நீங்கள் சொன்னதை வைத்து ஆறாம் வரியைப் பார்த்தேன். விடைத்தாளில், 'மிதிவண்டிகளை' என்பதற்குப் பிறகு 'வாடகைக்கு' விடுபட்டிருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். சாட்சி எங்கே என்று நானும் மகளும் அரை மணி நேரம் தேடினோம். 'எடுத்தோம்'. யார்? நாங்கள். எதை? மிதிவண்டிகளை. எத்தனை? இரண்டு. எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறதே?

அச்சகத்து ஆள் (9.47)

இல்லை, நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அந்தக் கேள்வியே பழுது. 'இரண்டு மிதிவண்டிகளை எடுத்தோம்' என்பது முழு வாக்கியம். ஊபினுக்குப் போனவர்களுக்கு அங்கே மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும் என்று தெரியும், கேள்வியை அமைத்தவருக்கும் தெரியும். அந்த அறிவை அவர் பத்திக்குள் வைக்கவில்லை. மெய்ப்புத் திருத்தும்போது ஆசிரியரின் மனத்தில் இருப்பதை நாம் ஊகிக்கக் கூடாது.

பிடோக் குமரன் (10.12)

இங்கே நான் உடன்படவில்லை. ஒரு பிள்ளை மிதிவண்டியை 'எடுத்தோம்' என்று மட்டும் எழுதினால் நான் ஓரத்தில் கேள்விக்குறி போடுவேன். யாருடைய வண்டியை? கடைக்காரருக்குத் தெரியாமலா? படகிலிருந்து இறங்கியதும் இரண்டு வண்டிகளை எடுத்தோம் என்றால் பொருள் குறைகிறது. பொருள் குறைவதும் ஒரு சாட்சிதானே?

அச்சகத்து ஆள் (10.30)

பொருள் குறைவதாக உங்களுக்குத் தோன்றுகிறது. இன்னொருவர் 'எங்கள்' என்ற சொல் விடுபட்டிருக்கிறது என்பார். படகிலேயே கொண்டுபோன வண்டிகளாக இருக்கலாமே. இரண்டு வெவ்வேறு சொற்கள் சமமாகப் பொருந்துகிற இடத்தில் ஒன்றை மட்டும் விடையாக வைப்பது நியாயம் இல்லை.

பிடோக் குமரன் (10.33)

அப்படியானால் மூன்றாம் வரியிலும் 'என' என்று போடலாமே, 'என்று' மட்டும்தானா?

அச்சகத்து ஆள் (10.41)

'என' எழுதினால் மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். அது வேறு விடை அல்ல, ஒரே வேலையைச் செய்யும் இரட்டைச் சொல். 'வாடகைக்கு', 'எங்கள்' இரண்டும் செய்யும் வேலை வேறு. இதற்கு மேல் நான் வாதாடப் போவதில்லை, நீங்கள் ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

உயர்நிலை நான்கு (11.20)

நான் மாணவன். ஒரு சந்தேகம். ஐந்தாம் வரியில் 'அலைகள் எழுந்தது' ஏன் தவறு? வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'பஸ்கள் வந்தது', 'நாய்கள் குரைத்தது'. காதுக்குத் தவறாகவே படவில்லை.

அச்சகத்து ஆள் (11.44)

காதுக்குப் படாததுதான் சிக்கல், தம்பி. பேச்சில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அதனால் உரக்கப் படித்துப் பார்க்கும் வழி இங்கே ஏமாற்றும். எழுத்தில் 'கள்' விகுதி இருந்தால் வினை 'எழுந்தன' என்றுதான் முடிய வேண்டும். 'கள்' இல்லாமல் 'அலை எழுந்தது', 'அலை எழுந்தன' இரண்டும் பழைய இலக்கணப்படி சரியே. அஃறிணைப் பெயர் பால் காட்டாமல் நிற்கும்போது வினைதான் ஒன்றா பலவா என்று சொல்லும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: பத்தி முழுவதும் 'கள்' எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கோடு போட்டு, அதன் வினைவரை ஒரு அம்பு இழு. இந்தப் பத்தியில் 'அலைகள்', 'குரங்குகள்' இரண்டும் எழுவாய். 'மிதிவண்டிகளை' என்பது எழுவாய் அல்ல, அதற்கு அம்பு வேண்டாம்.

உயர்நிலை நான்கு (11.46)

'மரங்களில்' இருக்கிறதே?

அச்சகத்து ஆள் (11.49)

அதுவும் எழுவாய் அல்ல. வேற்றுமை உருபு ஒட்டிய 'கள்' எதையும் கணக்கில் எடுக்காதே. நல்ல கேள்வி, நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

ஈசூன் தாத்தா (மதியம் 1.05)

ஏழாம் வரிக்கு வருவோம். அந்தப் பிள்ளை 'அவைகளுக்கு' என்று எழுதியிருக்கிறாள். குரங்குகள் அஃறிணை என்று தெரிந்துதானே மாற்றியிருக்கிறாள்? அதற்கு ஏன் மதிப்பெண் கொடுக்கவில்லை? 'அவைகள்' என்று எழுதாத பத்திரிகை உண்டா?

அச்சகத்து ஆள் (1.40)

'அவை' என்பதே பன்மை, அதன்மேல் இன்னொரு 'கள்' தேவையில்லை. வேற்றுமை ஏற்கும்போது 'அவற்றுக்கு', 'அவற்றை' என்று வரும். என் மேசைக்கு 'அவைகளுக்கு' வந்தால் திருத்திவிட்டுத்தான் அனுப்புவேன். ஆனால் இந்தக் கேள்வி சோதிப்பது குரங்கை 'அவர்கள்' என்று சொல்லக் கூடாது என்பதை. அதை அவள் பிடித்துவிட்டாள். நானாக இருந்தால் அரை மதிப்பெண் கொடுப்பேன்.

நீலா (தெம்பனிஸ்) (1.52)

அரை எதற்கு? முழுதாகவே கொடுக்கலாம். மொழி மாறிக்கொண்டுதானே இருக்கிறது. 'அவைகள்' என்று நான் படிக்காத நாளே இல்லை.

ஈசூன் தாத்தா (1.58)

நானும் முழு மதிப்பெண் கட்சி.

அச்சகத்து ஆள் (2.10)

இரண்டுக்கு ஒன்று. தோற்றுவிட்டேன், ஆனால் திருத்துவதை நிறுத்தமாட்டேன்.

அது இருக்கட்டும். மல்லிகா அம்மாவுக்கு இன்னும் ஒரு விஷயம், விடுபட்ட சொல்லுக்காக. தமிழில் ஒற்று ஒரு நல்ல உளவாளி. முதல் வரியின் கடைசியைப் பாருங்கள்: 'தீவுக்குச்'. அந்த 'ச்' அடுத்த வரி சகரத்தில் தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எட்டாம் வரியில் 'பலகையைத் தம்பி', 'எனக்குக் காட்டுவான்'. ஒற்றும் அடுத்த எழுத்தும் கைகோத்து நிற்கின்றன. எங்காவது 'எனக்குப் காட்டினான்' என்று இருந்தால், நடுவில் பகரத்தில் தொடங்கும் ஒரு சொல் காணாமல் போயிருக்கிறது என்று பொருள். சொல்லை நீக்கியவர் ஒற்றை நீக்க மறந்துவிட்டார். கவனமான ஆசிரியர்கள் ஒற்றையும் சரிசெய்துவிடுவார்கள், ஆகவே ஒற்று பொருந்தியிருக்கிறது என்பதால் எதுவும் விடுபடவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. மூன்றாம் வரியில் 'புறப்படும் படகோட்டி' என்ற இடத்தில் ஒற்று வர வாய்ப்பே இல்லை. அந்த உளவாளி அங்கே ஊமை.

செங்காங் மல்லிகா (திங்கள், இரவு 8.30)

நேற்று மாலை அதே வகுப்பின் இன்னொரு தாளை எடுத்து உட்கார்ந்தோம். தேக்கா சந்தையைப் பற்றிய பத்தி, ஆறு வரிகள். முற்றுப்புள்ளிகளை முதலில் குறித்தாள். ஒவ்வொரு விடைக்கும் சாட்சிச் சொல்லின்கீழ் கோடு போடச் சொன்னேன். முதலில் முணுமுணுத்தாள், பிறகு அது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. நான்கு வரிகளில் விடையும் கோடும் உடனே கிடைத்தன. ஐந்தாம் வரியில் விடை எழுதிவிட்டுக் கோடு போடச் சொல் கிடைக்காமல் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானாகவே அழித்துவிட்டு வேறு சொல்லை வட்டமிட்டாள். அது சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது போய்விட்டது. 'மீன் வாங்கப் போன அப்பாவுக்காக நாங்கள் காய்கறிக் கடையருகே காத்திருந்தனர்' என்று இருந்தது. 'காத்திருந்தோம்' என்று வர வேண்டும். வினையில் விரலை வைத்து 'யார்' என்று கேட்டிருக்கிறாள், முதலில் கண்ணில் பட்ட ஆளான 'அப்பா'வைப் பிடித்துக்கொண்டு, 'காத்திருந்தார்' என்று எழுதிவிட்டாள்.

நேரம் ஒரு குறை. எட்டு வரிக்கு முன்பு ஐந்து நிமிடம் ஆகும், இப்போது பன்னிரண்டு நிமிடம் ஆகிறது.

அச்சகத்து ஆள் (9.05)

'அப்பாவுக்காக' என்பதில் உருபு ஒட்டியிருக்கிறது, அது எழுவாயாக இருக்க முடியாது. உயர்நிலை நான்கு கேட்ட 'மரங்களில்' கதைதான். நேரத்துக்கு என்னிடம் குறுக்குவழி இல்லை. எல்லா வரிக்கும் கோடு போட நேரம் இல்லையென்றால் சந்தேகமான வரிகளுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். ஆனால் மூன்றாம் வரி மாதிரி சந்தேகமே வராத இடத்தில்தான் கோடு அதிகம் தேவைப்படும், அதற்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

பிடோக் குமரன் (9.20)

வெற்றாக நின்ற வரிக்கும், அதன் மேலும் கீழும் உள்ள வரிகளுக்கும் மட்டும் கோடு போடச் சொன்னால்? என் மாணவர்களிடம் சரிக்குறிகளை எண்ணச் சொல்வேன். நடுவில் இரண்டுக்கு மேல் சரிக்குறி வந்தால் எங்கோ ஒரு பிழையைத் தவறவிட்டார்கள், குறைவாக வந்தால் சரியான வரியைக் கெடுத்துவிட்டார்கள். எண்ணுவதற்குப் பத்து விநாடி போதும்.

செங்காங் மல்லிகா (9.32)

அதையும் முயன்று பார்க்கிறோம். வகுப்பு ஆசிரியரிடம் 'வாடகைக்கு' பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. மகள் இந்த இழையை முழுவதும் படித்துவிட்டு, தாத்தாவுக்கென்று ஒரு வரி எழுதித் தந்திருக்கிறாள். ஒரே ஒரு பிழையாம்:

மழை பெய்யாமல் நிற்கும் அம்மா சொன்னதால் நான் குடையை எடுக்கவில்லை.

ஈசூன் தாத்தா (9.50)

தலைகீழாகவும் படித்தேன், நேராகவும் படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அம்மா பாவம், எதற்காக மழை பெய்யாமல் நிற்கிறார்?

உயர்நிலை நான்கு (9.51)

தாத்தா, விரலை வினையில் வையுங்கள்.